பதிவு மேசைக்காரர்களுக்கு ஒரு நன்றியுரை

மாநாடுகளில் பதிவுப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு நன்றி சொல்லும் நேரத்தில் ஒரு தனிச் சிக்கல் வரும். அரங்கக் குழுவுக்கும் உணவுக் குழுவுக்கும் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே அளவு வேலை. பதிவு மேசையில் அப்படி இல்லை. பாதிக்கு மேற்பட்ட பாரம் முதல் நாள் காலை ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அதற்கும் முந்தைய நாள் பை நிரப்பி, பெயர் அட்டை அடுக்கி முதுகொடிந்தவர்கள் தனி. மூன்றாம் நாள் மாலை நன்றி சொல்ல எழுந்து நிற்கும்போது முதல் நாள் காலையில் நடந்தது யாருக்கும் சரியாக நினைவிருக்காது. அன்று வேலை செய்தவர்களில் சிலர் அங்கே இருக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய ஷிஃப்ட் முதல் நாளோடு முடிந்திருக்கும். கடைசி நாள் கண்ணில் பட்டவர்களுக்கு மட்டும் கைதட்டு கிடைக்கும்.

சுமார் 600 பேராளர்கள் வந்த ஒரு மூன்று நாள் மாநாட்டில் பதிவு ஒருங்கிணைப்பாளராக இருந்தபோது, கடைசி நாள் என் குழுவிடம் நான் பேசியதையும் அதை எப்படித் தயார் செய்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். நன்றியுரை என்பது கடைசி நாள் மதியம் உட்கார்ந்து யோசிக்கிற விஷயமில்லை என்பது என் கருத்து. அதற்கான சரக்கு மூன்று நாளும் சேர வேண்டும். சேர்வதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

எங்களிடம் அந்த ஏற்பாடு ஒரு சாதாரண நோட்டு. உதவி மேசையில் எப்போதும் திறந்தே கிடக்கும். நான்கு கட்டங்கள்: நேரம், என்ன சிக்கல், யார் கவனித்தது, எப்படி முடிந்தது. நன்றியுரைக்காக அதைத் தொடங்கவில்லை. காலை ஷிஃப்ட்காரர்கள் போய் மதிய ஷிஃப்ட் வரும்போது, "பணம் கட்டிவிட்டேன், பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவர் சொன்னாரே, அது என்ன ஆயிற்று?" என்று யாரும் முழிக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. மூன்றாவது கட்டத்தில் ஆள் பெயர் கட்டாயம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கடைசி நாள் அதைப் புரட்டினால் பேச வேண்டியது முக்கால்வாசி அதிலேயே இருந்தது. மீதிக்கு என் சட்டைப்பையில் ஒரு சிறு தாள். நோட்டில் ஏறாத வேலைகளைத் தோன்றும்போது அதில் குறித்து வைத்தேன். சிக்கல் வந்தால்தான் நோட்டில் ஏறும். சிக்கலே வராமல் பார்த்துக்கொண்டவர் பெயர் அதில் இருக்காதே.

நேரமும் இடமும் அடுத்தது. நிறைவு விழாவில் நன்றி நவில்பவர், "மற்றும் தன்னார்வலர்கள் அனைவருக்கும்" என்று ஒரு வரி சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பட்டியல் நீளம். ஆகவே எங்கள் குழுவுக்கு நாங்களே தனியாகச் சொல்லிக்கொள்வது என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன். இடம், பதிவுக் கூடத்தில் மேசைகளுக்குப் பின்னால். மைக் இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரையும் உட்காரச் சொன்னேன். மூன்று நாள் நின்றவர்களை நிற்க வைத்து நன்றி சொல்வது எனக்குப் பிடிக்காது. நேரம், நிறைவு விழா தொடங்குவதற்கு முக்கால் மணி முன்பு. விழா முடிந்தபின் வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். ஒருவர் பேனர் அவிழ்ப்பார், ஒருவர் பேருந்துக்கு ஓடுவார், ஒருவரை அரங்கக் குழு நாற்காலி அடுக்கக் கூப்பிட்டுக்கொண்டு போகும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆட்கள் ஸ்பாட் பதிவு மேசைக்காரர்கள். நேரில் வந்து பணம் கட்டிச் சேர்பவர்களின் கணக்கை இவர்கள்தான் முடிக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, கையிலுள்ள ரொக்கம், செல்போன் வழியே வந்த பணம் மூன்றும் ஒத்துப்போகும்வரை இவர்களால் எழுந்திருக்க முடியாது. எங்கே நன்றிக் கூட்டம் நடந்தாலும் இவர்கள் இருவர் மட்டும் ஒரு மூலையில் நோட்டு எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் மூன்றாம் நாள் மதிய இடைவேளையோடு ஸ்பாட் பதிவை மூடுவது என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தோம். அதற்குப் பிறகு புதிதாகச் சேர யாரும் வரப்போவதும் இல்லை. மூன்று மணிக்குள் கணக்கு முடிந்து, பெட்டி பொருளாளரிடம் போய், கையெழுத்தும் வாங்கியாயிற்று. அவர்களும் வட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

எவ்வளவு நேரம் பேசுவது? குழுவில் 24 பேர். ஒவ்வொருவருக்கும் பெயரும் ஒரு வாக்கியமும் என்று வைத்தால், ஆளுக்கு ஏழெட்டு வினாடி, மொத்தம் மூன்று நிமிடம் அதற்கே போய்விடும். களைத்துப்போன கூட்டத்துக்கு ஐந்து நிமிடம்தான் அதிகபட்சம். எஞ்சியது இரண்டு நிமிடம். அதில் முன்னுரை, மேற்கோள், "இந்த மாநாட்டின் வெற்றிக்கு" என்று தொடங்கும் சொற்றொடர்கள் எதற்கும் இடமில்லை. எனவே 24 பெயரையும் சொல்வது, விரிவாக ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். பெயர்களை வேலை நடந்த வரிசையில் வைத்தேன். வயது, பதவி, என்னோடு நெருக்கம் எதையும் பார்க்கவில்லை. வேலை வரிசையில் சொன்னால் முதலில் யார், கடைசியில் யார் என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். முந்தைய நாள் உழைத்தவர்கள் தாமாகவே முதலில் வந்துவிடுவார்கள்.

பேசியதை ஏறக்குறைய அப்படியே கீழே தருகிறேன். அங்கே ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் பேசினேன். இங்கே பெயர்களை எடுத்துவிட்டு அவரவர் வேலையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

"எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? சரி. ஐந்து நிமிடம்தான். அதற்குப் பிறகு விழாவுக்குப் போகிறவர்கள் போகலாம்.

"நம் வேலை முதல் நாள் தொடங்கவில்லை, அதற்கு முந்தின நாள் மதியம் தொடங்கியது. 600 பையிலும் நிகழ்ச்சி நிரல், நோட்டு, பேனா, கூப்பன் வைத்தவர்கள் ஐந்து பேர். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெட்டிப் பைகளில் கூப்பன் விடுபட்டிருக்கிறது என்று தெரிந்தது. எந்தப் பெட்டி என்று தெரியாது. இவர்கள் எல்லாப் பைகளையும் திறந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்துப் பார்த்து, கால் மணி நேரத்தில் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் சாப்பாட்டு வாசலில் 'எனக்குக் கூப்பன் வரவில்லை' என்று ஒரு பேராளர்கூட நம்மிடம் வரவில்லை. அதற்கு இந்த ஐந்து பேர் காரணம்.

"அடுத்து முதல் நாள் காலை. ஒன்பது மணியிலிருந்து பத்து மணிக்குள் நிமிடத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். நம்மிடம் ஆறு மேசை. ஒருவருக்கு நாற்பது வினாடி ஆகும் என்று வைத்திருந்தோம், அந்தக் கணக்கில் நிமிடத்துக்கு ஒன்பது பேரை அனுப்பலாம். நடந்தது வேறு. ஒருவருக்கு எழுபது வினாடி ஆயிற்று. ஆறு மேசையும் சேர்ந்து நிமிடத்துக்கு ஐந்து பேரைத்தான் அனுப்ப முடிந்தது. அரை மணியில் வரிசை ஐம்பது பேரைத் தாண்டி வாசலுக்கு வெளியே போய்விட்டது. மேசையில் இருந்த நாம் யாரும் தலை நிமிரவில்லை, நிமிர நேரமில்லை.

"மூன்றாம் மேசையில் அட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தங்கைதான் ஏன் எழுபது வினாடி ஆகிறது என்று பார்த்தார். பெயர் தேடுவதில்தான் நேரம் போகிறது என்று என்னிடம் வந்து சொன்னார். சிலர் படிவத்தில் முதலெழுத்தை முன்னால் போட்டிருந்தார்கள், சிலர் பின்னால். சிலர் குடும்பப் பெயரை முதலில் எழுதியிருந்தார்கள். ஒருவர் அட்டையைத் தேட இரண்டு மூன்று பெட்டியைப் புரட்ட வேண்டியிருந்தது. 'எண்ணைக் கேட்டால் நேராக எடுத்துவிடலாம் அண்ணா, எண் எல்லாருடைய மின்னஞ்சலிலும் இருக்கிறது' என்றார். அட்டைகளின் மூலையில் பதிவு எண் அச்சாகியிருந்ததும் நமக்கு வசதி. மேசைக்குப் பின்னால் அட்டைகளை எண் வரிசைக்கு மாற்றி அடுக்கியவர்கள் நான்கு பேர், பத்து நிமிடத்தில் முடித்தார்கள். வரிசையோடு வரிசையாக நடந்து, 'செல்லில் மின்னஞ்சலைத் திறந்து பதிவு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே போனவர் ஒருவர். ஆறாவது மேசையைச் சிக்கல்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதில் உட்கார்ந்தவர்கள் இருவர். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் வரிசை இல்லை. தொடக்க விழா குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நமக்குத் தெரியும்.

"அந்த ஒரு மணி நேரமும் கட்டடத்தின் பின்வாசலில் ஒருவர் நின்றார். அந்தப் பக்கம் இறங்கியவர்களை எல்லாம் இந்தப் பக்கம் அனுப்பினார். முன்வாசலில் என்ன நடந்தது என்பதே அவருக்கு இப்போது நான் சொல்லித்தான் தெரிகிறது.

"இரண்டாம் நாள் மேசை சும்மா இருந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றைக்குத்தான் இருவர் சான்றிதழ்ப் பெயர்ப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, 'எழுத்து சரியாக இருக்கிறதா பாருங்கள்' என்று கேட்டார்கள். முப்பது, நாற்பது பெயர் திருத்தினார்கள். இன்றைக்கு மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது நான்கே நான்கு.

"பிரிண்டர் நின்றபோது மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் அட்டை எழுதிக் கொடுத்தவர்கள் இருவர். ஸ்பாட் பதிவில் மூன்று நாள் கணக்கும் ஒத்துப்போய் மூன்று மணிக்கே பெட்டியை மூடியவர்கள் இருவர். தொலைந்த பொருள்களைச் சீட்டு ஒட்டி வைத்து ஒவ்வொன்றாக உரியவரிடம் சேர்த்தவர் ஒருவர். மதிய ஷிஃப்டில் மேசையைக் காத்தவர்கள் நால்வர். அவர்கள் இருந்ததால்தான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.

"இங்கே இல்லாதவர்கள் ஆறு பேர், முதல் நாளோடு போய்விட்டார்கள். அவர்கள் பெயரையும் சொன்னேன். இதைச் செல்லில் பதிவு செய்துகொண்டிருக்கிறோம், ராத்திரிக்குள் அவர்களுக்குப் போய்விடும்.

"நன்றி. சான்றிதழும் பயணச் செலவுப் படிவமும் இந்த மேசையில் இருக்கின்றன. வாங்கிக்கொண்டு போங்கள்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. இனி, இதில் சொன்னவை, சொல்லாமல் விட்டவை பற்றிக் கொஞ்சம்.

முதல் நாள் காலைக் கதையை ஏன் எண்களோடு சொன்னேன் என்று பிறகு ஒருவர் கேட்டார். "பெரிய கூட்டத்தைச் சிறப்பாகச் சமாளித்தீர்கள்" என்று சொல்லியிருந்தால், யார் எதைச் செய்து சமாளித்தார்கள் என்று ஒருவருக்கும் விளங்கியிருக்காது. மேசையில் குனிந்திருந்தவர்களுக்கு முழுப் படம் தெரியாது. ஆளுக்கு எழுபது வினாடி ஆனதால் வரிசை வளர்ந்தது. அதை முப்பது வினாடியாக்கியதால் ஐந்து மேசையே நிமிடத்துக்குப் பத்துப் பேரை அனுப்பியது, தேங்கியவர்கள் இருபது நிமிடத்தில் கரைந்தார்கள். இந்தக் கணக்கைக் கேட்டபோதுதான், வரிசையில் நடந்துகொண்டே ஒரே வாக்கியத்தை ஐம்பது தடவை சொன்ன பையனுக்குத் தன் வேலை எதற்குப் பயன்பட்டது என்று புரிந்தது. அதுவரை தன்னை மேசையில் உட்காரவைக்கவில்லையே என்று அவனுக்கு ஒரு வருத்தம் இருந்திருக்கிறது.

சிக்கல் மேசையைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். தனி மேசை போட்டால் மொத்த வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. பணம் கட்டியும் பட்டியலில் பெயர் வராதவர், வேறொருவருக்குப் பதிலாக வந்தவர், நிறுவனம் மொத்தமாகப் பதிவு செய்ததில் விடுபட்டவர் ஆகியோருக்கு எந்த மேசையில் உட்கார்ந்தாலும் நான்கு நிமிடம் ஆகும். தனியாகப் பிரித்தால், அந்த நான்கு நிமிடத்துக்காகப் பின்னால் இருக்கும் ஆறேழு பேர் நிற்க வேண்டியதில்லை. அவ்வளவுதான் லாபம். அன்றைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் சிக்கலோடு வந்தார். ஒரு மேசை நான்கு நிமிடத்துக்கு ஒருவரைத்தான் அனுப்பும். ஆகவே அங்கே ஆள் சேர்ந்துகொண்டே போகும் என்பது தொடக்கத்திலேயே தெரியும். அதற்காகத்தான் அந்த மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டோம். உட்கார்ந்து காத்திருப்பவர் அதிகம் கோபப்படுவதில்லை. அந்த மேசையில் இருந்த இருவரின் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொன்னேன். மற்ற மேசைக்காரர்களுக்கு "நன்றி" சொல்லிவிட்டுப் போன பேராளர்கள் உண்டு. இவர்களிடம் வந்தவர்கள் எல்லாருமே எரிச்சலோடு வந்தவர்கள்.

சொல்லாமல் விட்டதில் ஒன்று உண்டு. முதல் நாள் ஒரு பேராளர் எங்கள் தன்னார்வலர் ஒருவரிடம் கூடத்தில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் ஒன்றும் பேசாமல், அவரை உதவி மேசைக்கு அழைத்துப் போய் வேலையை முடித்துக் கொடுத்தார். நன்றியுரையில் சொல்ல இதைவிட நல்ல சம்பவம் எனக்கு அகப்படவில்லை. பேசுவதற்கு முன் மதியம் அவரிடம் தனியாகக் கேட்டேன்: "இதைச் சொல்லட்டுமா?" வேண்டாம் என்றார். பெயர் சொல்லாமல் சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. 24 பேர் கொண்ட குழுவில் பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். விட்டுவிட்டேன். மேசைக்குப் பின்னால் அவரிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அது போதும். ஒருவருக்குப் பெருமையாக நமக்குத் தெரிவது, அவருக்கு மறக்க நினைக்கும் காலையாக இருக்கலாம். யாரைப் பற்றியாவது சம்பவமாகச் சொல்லப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எண் வரிசை யோசனை சொன்ன பெண்ணிடமும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "மூன்றாம் மேசை என்று சரியாகச் சொல்லுங்கள்" என்றார்.

தவறுகளை வைத்துச் சிரிக்கவைப்பதையும் விட்டேன். அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவருடைய அட்டையில் பெயர் மாறி அச்சானது உண்டு, மூன்று நாளும் குழுவுக்குள் அது பெரிய கேலி. குழுவுக்குள் ஓடும் கேலியை ஒருங்கிணைப்பாளர் வாயால் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும். "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" போன்ற வாக்கியங்களும் இதே வகை. குறை நிறைகளைத் தெரிந்துகொள்ள மேசையில் வெற்று அட்டைகளை வைத்திருந்தேன். அடுத்த முறை பதிவில் எதை மாற்ற வேண்டும் என்று பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடலாம். சான்றிதழ் வாங்க வந்தபோது பாதிப் பேருக்கு மேல் எழுதிப் போட்டார்கள். அதில் மூன்று நான்கு அட்டைகள், நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லின: நின்று வேலை செய்பவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்ற வேண்டும் என்று.

அடுத்த வருடமும் வரவேண்டும் என்று கேட்பதையும் தவிர்த்தேன். மனதில் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. நன்றி சொல்லி முடித்த மூச்சோடு இன்னொரு வேலைக்கு அழைப்பு விடுத்தால், முதலில் சொன்னதெல்லாம் இதற்காகத்தானா என்று தோன்றும். கூப்பிட வேண்டியவர்களை இரண்டு வாரம் கழித்துத் தனித்தனியாகக் கூப்பிட்டேன்.

பேச்சு முடிந்ததும் கலைவதற்கு முன் ஒரு வேலையை எல்லாருமாகச் சேர்ந்து முடித்தோம். அச்சிட்ட பேராளர் பட்டியல்களில் செல் எண், மின்னஞ்சல் எல்லாம் இருக்கும். அவற்றை மேசையோடு விட்டுவிட்டுப் போனால் மறுநாள் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மேசையும் தன் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தது. தலைப்பில் இருந்த பிரதி எண்ணை வைத்து எண்ணிப் பார்த்து, கணக்குக்கு வேண்டிய ஒரு பிரதியைத் தவிர மீதியைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டோம். மேசைக்காரர்கள் வீட்டுக்குப் போனபிறகு இதைச் செய்தால் எந்தப் பிரதி எங்கே என்று யாரைக் கேட்பது? செல்லில் பட்டியலைப் படம் எடுத்து வைத்திருந்தவர்களும் அங்கேயே அழித்தார்கள். முதல் நாள் அவசரத்தில் சிலர் எடுத்திருந்தார்கள், அது இயல்புதான்.

ஒலிப்பதிவை முதல் நாளோடு போன ஆறு பேருக்கும் அன்றே அனுப்பினேன். முழுவதையும் கேட்க அவர்களுக்கு நேரம் இருக்குமோ இருக்காதோ என்று, அவரவர் பெயர் எந்த நிமிடத்தில் வருகிறது என்று ஒரு வரி சேர்த்தேன். அதை அனுப்பிய பிறகு வந்த பதில்களைப் பார்த்தால், இருந்தவர்களைவிட இல்லாதவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியிருக்கிறது போலிருக்கிறது. இரண்டு பேர் தங்கள் வீட்டில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்களாம்.

கடைசியாகச் சான்றிதழ் விஷயம். தன்னார்வலர் சான்றிதழில் பெரும்பாலும் "மாநாட்டில் பங்காற்றினார்" என்றுதான் அச்சாகும். அதை ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டினால், என்ன செய்தார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. நாங்கள் நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டு அச்சடித்தோம். வேலையின் பெயரையும் மணி நேரத்தையும் ஷிஃப்ட் பட்டியலைப் பார்த்து அதில் நிரப்பினோம்: "ஸ்பாட் பதிவு, ரசீது, கணக்கு முடிப்பு, 22 மணி நேரம்" என்பதுபோல. ஒரு வாரம் கழித்து, சிக்கல் மேசையில் இருந்தவர்களில் ஒருவர் கேட்டார், "பேராளர் உதவி" என்று இருப்பதைப் "பேராளர் புகார் தீர்வு" என்று மாற்றித் தர முடியுமா என்று. அவர் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். செய்தது அதுதானே, மாற்றிக் கொடுத்தேன். இனி அந்த வரியை என்ன போடலாம் என்று தன்னார்வலரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன். படிவத்தில் ஒரு கட்டம் கூடும், அவ்வளவுதான்.